மனைவியின் கணக்கிலிருந்து போன பணம்

அந்தத் தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவரை டிஸ்ப்ளே அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். உடைந்த திரையைத் தடவிப் பார்த்தே கண்ணாடி மட்டுமா, உள்ளேயும் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். போனை மாலை தருகிறேன் என்றால் மாலையே தருவார். அதனால்தான் ஒரு கூரியர் கம்பெனி மேனேஜர், தன் ஆட்கள் உடைத்த கையடக்கக் கருவிகளை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். வாரக் கடைசிக்குள் சரிசெய்தால் மாதாமாதம் அவருக்கே வேலை.

திரைகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அந்த வியாபாரி காசை டாலர் காயின் என்கிற கிரிப்டோ நாணயத்தில்தான் வாங்கிக்கொள்வார். அண்ணன் ஒரு ஆப்பில் காயின் விற்கிறவர்களிடம் வாங்குவது வழக்கம். ஆர்டர் போட்டதும் விற்பவரின் காயினை ஆப் பூட்டிவைக்கும். வாங்குபவர் வங்கி வழியாகப் பணம் அனுப்பி, அனுப்பியாச்சு என்று அழுத்த வேண்டும். விற்பவர் பணத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறப்பார்.

அன்று அவர் கணக்கில் பணம் இருந்தும், ஒரு நாளில் அனுப்பக்கூடிய வரம்பு முடிந்துபோயிருந்தது. ஆர்டருக்கான நேரம் குறைந்துகொண்டே வந்தது. மேஜையில் மனைவியின் போன் கிடந்தது, புதுத் திரை மாட்டக் கொடுத்தது. ரகசிய எண் அவருக்குத் தெரியும். ஸ்கூட்டர் வாங்க அவள் சேர்த்துவைத்திருந்த பணம் போனது. நாளை திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார்.

காயின் வரவில்லை. விற்பவரிடமிருந்து செய்திதான் வந்தது.

"பேரு வேறயா வருதே. யாரு சார் இது?"

"என் வீட்டுக்காரம்மா."

"வேற ஆள் கணக்கிலிருந்து வாங்க மாட்டேன்னு விளம்பரத்துலயே போட்டிருக்கேன். இப்படி ஒருத்தர் திருட்டுப் பணத்த அனுப்பினதுல பேங்க்ல என் கணக்கையே முடக்கிட்டாங்க. ஆர்டரக் கேன்சல் பண்ணுங்க, பணத்தத் திருப்பிடறேன்."

கேன்சல் செய்தால் பூட்டு திறந்து காயின் விற்பவரிடமே போய்விடும். அதற்கப்புறம் பணம் வருமா என்பது அவருடைய மனசைப் பொறுத்தது. அந்த அளவுக்கு அண்ணனுக்கு விவரம் தெரியும்.

"மொதல்ல நீங்க அனுப்புங்க."

"நான் அனுப்பி நீங்க கேன்சல் பண்ணலன்னா? பணமும் உங்களுக்கு, காயினும் உங்களுக்கா? நல்லா இருக்கே!"

அண்ணன் ஆப்பிலேயே புகார் கொடுத்தார். காயின் பூட்டிலேயே கிடந்தது; புகார் முடியும்வரை புது ஆர்டரும் போட முடியாது. ரசீது கேட்டார்கள், அனுப்பினார். வங்கி விவரம் கேட்டார்கள், அனுப்பினார். பரிசீலித்து வருகிறோம், பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார். எழுத்து மாறாமல் அதே நன்றி. அதற்குள் திரை வியாபாரி, காசு வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று செய்தி போட்டுவிட்டார்.

மறுநாள் கடைசியாக ஒன்று கேட்டார்கள்: கணக்குக்கு உரியவர் அடையாள அட்டையோடு பேசும் வீடியோ.

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டப்பாவை மூடிவிட்டாள்.

"எம் பணத்த எடுத்தீங்களா?"

"எடுக்கல, அனுப்பினேன்."

"ஆமா, ரொம்ப வித்தியாசம்! எம் போன உங்ககிட்ட எதுக்குக் குடுத்தேன்? கண்ணாடி மாத்தத்தானே?"

"ஒரு நாள் விஷயம்மா. அந்த ஆளு வேணும்னே இழுக்கறான்."

"அவன் என்ன கேட்டான்? கணக்குக்காரிக்குத் தெரியாம வந்த பணமான்னுதானே? தெரியாமத்தானே வந்திருக்கு? சரியாத்தான கேட்டிருக்கான்!"

பக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளி வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்.

"நீ சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா காயின விடச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். இந்த வேலை கைவிட்டுப் போயிடும்மா."

"வேலை போனா எனக்கும் கஷ்டம்தான். அதுக்காகப் பொய் சொல்லணுமா? எடுங்க வீடியோ."

அவர் எடுத்தார். அட்டையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு, நோயாளிக்கு நேரம் சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"இது என் கணக்கு. பணத்த அனுப்பினது என் கணவர். அவரு மேல எனக்குப் புகார் எதுவும் இல்ல. ஆனா என்னக் கேக்காம அனுப்பிட்டாரு. வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பிடுங்க."

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பினார்.

இத்தனை நேரம் தூங்கிய ஆப் அன்று சாயங்காலமே விழித்துக்கொண்டது. வந்த கணக்குக்கே திருப்பும்படி விற்பவருக்குச் சொன்னார்கள். அவர் அனுப்பி ரசீதைப் போட்டார். ரசீதை நம்பாமல் அண்ணன் மனைவியைக் கேட்டார்.

"வந்திருச்சு. முழுசா வந்திருச்சு."

அதற்குப் பிறகே கேன்சலை அழுத்தினார். வரம்பும் புதுப்பிக்கப்பட்டிருந்தது; இனி தன் கணக்கிலிருந்தே காயின் வாங்கலாம். ஆனால் திரைகள் விற்றுப்போய்விட்டன. அடுத்த சரக்கு வரும்போது வாரம் முடிந்திருக்கும்.

மூட்டையை எடுத்துக்கொண்டு போக மேனேஜரே வந்தார்.

"என்னண்ணே, சொன்னா சொன்ன நேரத்துக்குத் தருவீங்கன்னாங்க?"

"பணம் அனுப்பினதுல சிக்கல் சார்."

"யாரு ஏமாத்திட்டாங்க?"

அண்ணன் ஒரு பெயரைத் தேடுவதுபோல மேஜையைப் பார்த்தார். பிறகு மூட்டையின் ஒரு முனையைத் தூக்கிக்கொடுத்தார்.

"யாரும் ஏமாத்தல சார். அதான் கடுப்பா இருக்கு."