பைக்குப் பெரட்டு எடுத்த கதை

எங்கள் அப்பா எஸ்டேட் மேஸ்திரி. விடிந்ததும் களத்தில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார். அதற்குப் பெயர் பெரட்டு. கூப்பிட்டால் "இருக்கேனுங்க" என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தால், பக்கத்தில் நிற்பவள் அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள். அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி அடுத்த பேருக்குப் போய்விடுவார். அப்படிக் குரல் கொடுப்பதில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

பட்டம் வாங்கி, மெட்ராஸில் ஒரு ஆபீசில் எனக்கு கிளார்க் வேலை கிடைத்தது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து பேனா பிடிக்கப் போகிற முதல் பெண் நான்தான். குறிப்பிட்ட தேதியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வந்து சேராவிட்டால் ஆர்டர் ரத்து என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புகிற அன்று மத்தியானம், புது ரெக்சின் பையை நடு வீட்டில் வைத்துக்கொண்டு அப்பா பெரட்டு எடுத்தார். அம்மாதான் பைக்காகப் பதில் சொன்னாள்.

"அப்பாயின்ட்மென்ட் ஆர்டரு?"

"இருக்குதுங்க."

"ஒரிஜினல் சர்டிபிகேட்டு?"

"இருக்குதுங்க."

"ஆபீசர் கையெழுத்து வாங்குன காப்பி? டாக்டர் சர்டிபிகேட்டு? போட்டோ?"

எல்லாம் இருக்குதுங்க. பேனா, கைக்குட்டை, டிபன் பாக்ஸ், குடை, ஹாஸ்டல் விலாசம், அதுவும் இருக்குதுங்க. கேட்காமலே ஒரு கம்பளிச் சட்டையையும் திணித்தாள். "மெட்ராஸ்ல எவம்மா இதப் போடுவான்?" என்று கத்தினேன். "குளுருக்கு ஊரு தெரியுமா? கம்முனு இரு கண்ணு" என்றாள். அவளிடம் வாயாடி ஜெயித்தவர் ஏற்காட்டிலேயே கிடையாது.

ஒண்டிக்கடையில் பஸ் ஏறி, நானும் அப்பாவும் சேலம் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தோம். ரயிலுக்கு நேரம் இருந்தது. பிளாட்பாரம் பெஞ்சில் அப்பா மறுபடியும் ஆரம்பித்தார்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்டு?"

இந்த முறை பதில் சொல்ல அம்மா இல்லை. நானே கைவிட்டுத் துழாவினேன். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியது. சர்டிபிகேட் இல்லை.

எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பனியில் காகிதம் நமுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் சர்டிபிகேட்டுகளை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைத்திருந்தாள். கிளம்பும்போது கடைசியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் "இருக்குதுங்க" என்று குரல் கொடுத்திருக்கிறாள். ஓடி வருகிறவளுக்குக் கொடுப்பாளே, அதே குரல். டின் ஓடி வரவில்லை.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அம்மாவை என்னென்னவோ திட்டினேன். "கெடுத்தாளே பாவி" என்றுகூடச் சொன்னேன். மலைக்குப் போய்த் திரும்பினால் ரயில் போய்விடும். ரயில் போனால் வேலை போய்விடும்.

இருட்டத் தொடங்கியபோது, படிக்கட்டில் முக்காடு போட்ட ஒருத்தி கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கையில் பிஸ்கட் டின். அம்மா! காப்பிக்கொட்டை ஏற்றிவந்த லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தனியாக மலையை விட்டு இறங்குவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, இந்தாங்க, ஆளு வந்துட்டுது" என்று டின்னை நீட்டினாள். மூச்சு வாங்கியது. பாதமெல்லாம் செம்மண். திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. "சாமி, நல்ல நாளும் அதுவுமா அழுவாத" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். ரயில் வந்தது. ராத்திரி தங்க, சேலத்திலிருந்த சித்தி வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டே அவள் போனாள்.

மறுநாள் காலை ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் என் காகிதங்களைச் சரிபார்த்தார். அப்பா வெளியே வராந்தாவில் நின்றிருந்தார்.

"ஆர்டர்?" கொடுத்தேன்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்?"

"இருக்குதுங்க" என்றேன். அச்சு அசல் அம்மாவின் இழுவை. பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். நான் மலைக்காரி என்பது முதல் நாளே ஆபீசுக்குத் தெரிந்துபோயிற்று.

பெரியவர் சர்டிபிகேட்டை மூக்கருகே கொண்டுபோனார். "என்னம்மா இது, ஒரே புகை வாசனை?"

"எங்கூட்டு அடுப்புங்க" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போடும்போது கண் மறைத்தது. அந்த நேரம் மலையில் பெரட்டு முடிந்திருக்கும். அம்மாவின் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். எத்தனையோ பேருக்குக் குரல் கொடுத்தவள். அன்றைக்கு அவளுக்காக யாராவது குரல் கொடுத்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.