மணிக்கு ஒரு காலி இடம்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சமூக மண்டபத்தில் நடக்கும் ரத்ததான முகாமுக்கு ஆட்களைப் பதிவு செய்வது என் வேலை. உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான். போனில் பேசத்தான் தெரியும், அதனால் அதைக் கொடுத்தார்கள்.

கால்மணி நேரத்துக்கு மூன்று பேர் என்று, முகாமில் ரத்தம் எடுக்கும் தாதி கணக்குச் சொல்லியிருந்தார். பாதிப் பேர் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், போன தடவை நான் ஆறு பேர் எழுதினேன். அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ரத்தத்தில் சத்து போதுமா என்று விரல் நுனியில் குத்திப் பார்க்கிற மேசையிலேயே வரிசை நின்றுவிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் தம்பி ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று, கொடுக்காமலே எழுந்து போனார். அவர் நம்பரை நான் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

இந்த முறை மூன்றுக்கு மேல் எழுதவில்லை. ஒவ்வொரு மணிக்கும் கடைசிக் கால்மணியைக் காலியாக விட்டேன். யாருக்காவது மருத்துவரிடம் பேச்சு நீண்டால், அந்த இடைவெளி வாங்கிக்கொள்ளும். பிறகு அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன்.

“மறுபடியும் சிலை மாதிரி உட்கார வைப்பீங்களாக்கா?”

“இல்ல தம்பி, பத்தே கால்னா பத்தே கால்தான். சில கேள்வி இருக்கு. கடைசியா எப்போ கொடுத்தீங்க? மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா? ஊருக்குப் போனீங்களா?”

“போன மாசம்தான் ஊர்லேருந்து வந்தேன்.”

பேனா நின்றது. சில ஊர்களுக்குப் போய் வந்தவர்களிடம், மலேரியா பயத்தில், கொஞ்ச காலம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். எழுதினால் இவரை மறுபடி இழந்துவிடுவேனோ? எழுதாமல் விட்டால் அவரே மேசையில் சொல்வார், லீவு எடுத்து வந்தவரைத் திருப்பி அனுப்புவார்கள். தகுதி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல நான் யார்? எழுதி, தாதியிடம் கொடுத்தேன்.

தாதி போனில் அவரிடம் எந்த ஊர், எத்தனை நாள் என்று விசாரித்து, இப்போது முடியாது என்று சொல்லிவிட்டாராம். எப்போதிலிருந்து கொடுக்கலாம் என்று ஒரு தேதியும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் நம்பர் வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

“அக்கா, லீவு சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதா போச்சு லா. என்கூட தங்குற ரூம்காரன் ஊருக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு. அந்தப் பத்தே காலை அவனுக்குப் போடுங்க.”

“அவர்கிட்டயும் எல்லாம் கேக்கணும், தம்பி.”

“கேளுங்க, கேளுங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி கேளுங்க.”

ரூம்காரர் எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். முகாம் அன்று சாப்பிட்டுவிட்டு வந்தார். பத்தே காலுக்கு உட்கார்ந்தவர், பிஸ்கட்டும் ஒரு கப் மைலோவும் முடித்து பதினொன்றேகாலுக்குக் கிளம்பிவிட்டார். நான் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

மத்தியானம் தம்பி கூப்பிட்டார். “அவன் சொல்லிட்டான்க்கா, சீக்கிரம் முடிஞ்சுதாம். அடுத்த முகாம் என் தேதிக்கு அப்புறம்தானே? என்னை முதல் ஆளா எழுதுங்க.”

தாதி சொன்ன தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.