தகப்பன் பெயர் இல்லாத நாலு வரி

அரியாலையில் இருக்கிற எங்கள் நண்டுத் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையில் அப்பாவின் பெயரும், அதன் பின்னால் ‘அன் சன்ஸ்’ என்றும் எழுதியிருக்கிறது. நான் மகள். எனக்கு மூத்தவர் ஓர் அண்ணை. ஆழமில்லாத களக்கடலில் பிடிக்கிற நண்டை ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவதில் தொடங்கிய தொழில், இப்போது நண்டை அவித்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனியாகிவிட்டது.

நான் படிப்பு முடிந்ததும் நீர்கொழும்பில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு வேலைக்குப் போனேன். அங்கே அப்பாவை யாருக்கும் தெரியாது. ‘யாழ்ப்பாணத்துப் பிள்ளை’ என்பதுதான் என் அடையாளம். தரக்கட்டுப்பாட்டில் கீழ்நிலையில் சேர்ந்து, ஆறு வருசத்தில் அந்தப் பிரிவையே பார்க்கிற ஆளானேன். அந்த வருசங்களை நினைத்தால் இப்போதும் முதுகு நிமிரும்.

அப்பாவுக்கு நெஞ்சு ஒப்பரேசன் நடந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“வா மோனை. எனக்கு முந்தின மாதிரி ஏலாது. நீயும் அண்ணையும் நிண்டு பாருங்கோ.”

வேலையை விட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கம்பனியில் ஒரு பொது முகாமையாளர் இருந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்துக்கு வெளியே ஒருவர் நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்று, எங்களிடம் நண்டுச் சதை வாங்குகிற வெளிநாட்டுக் கொள்வனவாளர் கேட்டதால் அப்பா அவரை வைத்திருந்தார். உற்பத்தி முகாமையாளர் பதவி காலியாக இருந்தது. குடும்பத்து ஆட்களென்றாலும் விண்ணப்பித்து, நேர்முகத்துக்கு வந்துதான் அந்தக் கதிரையில் இருக்கலாம் என்று அவர் விதி போட்டார். அண்ணை சிரித்தார். எனக்கோ சந்தோசம்.

என் சுயவிபரக் கோவையின் மேலே ஒரு சுருக்கம் எழுதி அவரிடம் கொண்டுபோனேன். கடல் உணவுத் தொழிலில் ஊறிய குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை, கடின உழைப்பாளி, பொறுப்பானவர், எந்தச் சூழலிலும் இயங்கக்கூடியவர் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“பிள்ளை, இதிலை உம்மைக் காணேல்லையே. முதல் வரி உம்மடை அப்பாவின்ரை. மற்றது ஆரும் தங்களைப் பற்றி எழுதக்கூடியது.”

“அப்ப என்ன எழுதுறது சேர்?”

“நீர் அங்கை என்ன வேலையாய் இருந்தனீர், எவ்வளவு காலம், நீர் போனதாலை என்ன மாறினது. கடைசியிலை இந்தப் பதவிக்கு அது என்னத்துக்கு உதவும். நாலு வரி போதும். உம்மாலை நிரூபிக்கக்கூடியதை மட்டும் போடும். கூடச் செய்தவையின்ரை பங்கையும் உம்மடை எண்டு எழுதிப்போடாதையும்.”

பெயருக்கு முன்னால் நிற்கிற அப்பாவின் முதலெழுத்தை எடுக்கலாமா என்று கேட்டேன். அடையாள அட்டையில் உள்ள பெயர் அது, எடுக்கேலாது என்றார். “அதுக்குக் கீழை இருக்கிற நாலு வரியும் உம்மடையாய் இருக்கட்டும்.”

திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் வந்தது இதுதான்: மீன் ஏற்றுமதியில் ஆறு வருட அனுபவமுள்ள தரக்கட்டுப்பாட்டு முகாமையாளர். சூரை மீனின் வெப்பநிலையைத் தொழிற்சாலைக்கு வந்தபின் பார்ப்பதை விட்டு, படகிலிருந்து இறக்கும் இடத்திலேயே பார்க்கும் முறையைக் கொண்டுவந்து, திருப்பி அனுப்பப்பட்ட சரக்கைப் பாதியாகக் குறைத்தவர். சிங்களமும் தமிழும் பேசும் பரிசோதகர் குழுவைப் பயிற்றி நடத்தியவர். அந்த அனுபவத்தை நண்டுச் சதை உற்பத்தியில் பயன்படுத்த விரும்புபவர்.

வாசித்துவிட்டு, “இப்ப ஓம்,” என்றார் சேர். பழைய நிறுவனத்துக்கு எழுதி விசாரித்தும் பார்த்தார். ஒரு சொல்லும் பொய்யில்லை என்று பதில் வந்ததாம்.

நேர்முகம் மேல்மாடி அலுவலக அறையில் நடந்தது. அப்பா, சித்தப்பா, சேர் மூவரும் இருந்தார்கள். அண்ணைக்கு முதலில். போன வேகத்திலேயே வெளியே வந்தார். பிறகு நான். சேர் வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். அப்பா மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் பிள்ளை, நீ என்ரை மகள் எண்டு ஒரு இடத்திலையும் போடேல்லை?”

“அது உங்களுக்குத் தெரியும்தானே அப்பா.”

“எனக்குத் தெரியும். வாசிக்கிறவனுக்கு? சின்ன வயசிலையிருந்து இந்த நண்டுக்குள்ளைதானே வளந்தனி. அதுகூட இல்லை. என்ரை பேர் உனக்கு வெக்கமோ?”

அவருடைய குரல் உடைந்தது. ஒப்பரேசனுக்குப் போகும்போதுகூட அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. நானே செய்தது எதுவென்று காட்டத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா இடையில் புகுந்தார்.

“உது கந்தோரிலை மேசைக்கு முன்னாலை இருக்கிறவையின்ரை படிப்பு. தொழிலாளியளோடை ஆர் கதைக்கிறது? நாளைக்கு இவள் கலியாணம் கட்டிப் போனால் கம்பனியையும் கொண்டுபோறதோ?”

“அந்தக் கேள்வி இந்த மேசைக்கு வரக்கூடாது,” என்றார் சேர். சித்தப்பா அவரைப் பார்த்த பார்வையில், சேரின் காலம் அங்கே முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

அண்ணைக்குப் பதவி கிடைத்தது. எனக்கு அவருக்குக் கீழே தரக்கட்டுப்பாடு. சேரின் ஒப்பந்தம் முடிந்தபோது யாரும் புதுப்பிக்கவில்லை. போகிற அன்று என்னிடம் வந்தார்.

“நல்லாய் எழுதினால் போதும் எண்டு நினைச்சிட்டன் பிள்ளை. வாசிக்கிற ஆக்கள் ஆரெண்டு நான் யோசிக்கேல்லை.”

நான் வேலையைச் செய்தேன். சதையில் நண்டின் ஓட்டுத்துண்டு வருகிறது என்று வெளிநாட்டிலிருந்து முறைப்பாடு வந்துகொண்டிருந்தது. ஓட்டுத்துண்டை ஒளிரச் செய்யும் நீல விளக்கின் கீழே பெண்கள் அவசரப்படாமல் பார்க்கும்படி தட்டில் போடும் சதையின் அளவைக் குறைத்தேன். கண் களைக்காமல் இருக்க ஆளை மாற்றி மாற்றி இருத்தினேன். முறைப்பாடு குறைந்தது. கொள்வனவாளர் அண்ணைக்கு நன்றி எழுதினார். ‘உங்கள் குடும்பத்தின் நேர்த்தி’ என்று எழுதியிருந்தார். புதிதாக அச்சடித்த கம்பனிக் கையேட்டிலும் அந்த மாற்றம் இருந்தது, அப்பாவும் அண்ணையும் நிற்கிற படத்துக்குக் கீழே. என்னைப் பற்றி, ‘நிறுவனரின் மகளும் தரக்கட்டுப்பாட்டில் உதவுகிறார்’ என்று ஒரு வரி.

“ஆர் செய்தால் என்ன, எங்கடை பேர்தானே,” என்றார் அண்ணை. உண்மையாகவே அவருக்கு அதில் பிழை தெரியவில்லை.

இப்படிச் சில வருசங்கள் போன பிறகு, வெளியே போகலாம் என்று சுருக்கத்தைப் புதுப்பித்துக் கொழும்பில் சில இடங்களுக்கு அனுப்பினேன். ஓர் இடத்தில் மட்டும் கூப்பிட்டார்கள். வீடியோவில் நேர்முகம். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கதைத்தார்.

“இப்ப வேலை செய்யிறது உங்கட அப்பாவின்ர கம்பனியா?”

“ஓம்.”

“அப்ப இந்த ஓட்டுத்துண்டு விசயத்த யாரிட்டக் கேட்டு உறுதிப்படுத்துறது? குடும்பத்துக்கு வெளியில யாராவது இருக்காங்களா?”

சேரின் பெயரைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் போன பிறகு செய்த வேலை அது. அவருக்குத் தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்? கொள்வனவாளரிடம் கேட்டால் அண்ணையைச் சொல்வார். இல்லை என்றேன்.

“சொந்தக் கம்பனிய விட்டுட்டு ஏன் வாறீங்க? ஏதாவது பிரச்சினையா?”

நீர்கொழும்பைப் பற்றிச் சொன்னேன். அது பழசாகிவிட்டது என்பது அவர் தலையசைத்த விதத்தில் தெரிந்தது. பிறகு பதில் வரவில்லை.

அதற்குப் பிறகும் அந்த நாலு வரியை மாற்றி எழுதிப் பார்த்தேன். அப்பாவின் கம்பனியை எழுதினால், எல்லாம் அப்பா தூக்கித் தந்ததென்று நினைக்கிறார்கள். எழுதாமல் விட்டால், இவ்வளவு வருசமும் சும்மா இருந்தாள் என்று நினைப்பார்கள். இப்போது எங்கேயும் அனுப்புவதில்லை. விடிய எழும்பி வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குள் போகிறேன். “முதலாளியின்ரை மகள் வாறா,” என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொல்கிறாள். எல்லாரும் தட்டின் மேல் குனிகிறார்கள்.