அண்ணி பாதியில் விட்ட பேச்சு

அன்று மாலை அடி அண்ணாமலையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜுலைகாவாகிய நான், என் அண்ணன் மனைவி மரியம் பீவி, அவருடைய மகன் பஷீர், டீக்கடை செல்வி. உறவினர்களுக்கெல்லாம் அண்ணி இறந்த செய்தி போனில் போனது. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணியின் தலை என் தோளில்தான் சாய்ந்தது.

அண்ணி வந்தவாசியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த முதல் மாதமே மாடிக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு இறங்கினார். "உங்க ஊர் மலை பிறையை முழுங்கிடுது ஜுலைகா" என்றார். உண்மைதான். ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. தலைப்பிறையோ மேற்கே, அந்தித் தொழுகையான மக்ரிபுக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் நிற்கும். மலை தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிடும்.

அதனால் பிறை பார்க்கும் மாலைகளில் அண்ணன் அவரை வண்டியில் ஏற்றி, மலையைச் சுற்றி, மேற்கு வெளியாகத் தெரியும் அடி அண்ணாமலைக்குக் கூட்டிப் போவார். "பள்ளிவாசல்லதான் சொல்லப் போறாங்களே, எதுக்கு இந்த அலைச்சல்?" என்று நான் கேட்டதுண்டு. "அவங்க சொன்னா மாசம் பொறக்கும். பிறைகிட்ட நின்னு வேண்டுற துஆ, பார்த்தவங்களுக்குத்தான்டீ" என்பார் அண்ணி.

பார்த்ததும் கை நீட்டிச் சுட்டமாட்டார். நின்றபடி ஓதுவார்: "அல்லாஹும்ம அஹ்லில்ஹு அலைனா பில்யும்னி வல்ஈமான், வஸ்ஸலாமத்தி வல்இஸ்லாம், ரப்பீ வ ரப்புக்கல்லாஹ்." இறைவா, இந்தப் பிறையை எங்களுக்கு அருளோடும் இறைநம்பிக்கையோடும், நலத்தோடும் இஸ்லாத்தோடும் உதிக்கச் செய் என்று பொருள். கடைசி வார்த்தை மட்டும் பிறையிடமே சொல்வது.

செல்வி ஒருநாள், "நீங்களும் நிலாவத்தான் கும்புடறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல செல்வி. என்னைப் படைச்ச ரப்பும் உன்னைப் படைச்ச ரப்பும் அல்லாதான்னு அதுகிட்டயே சொல்லிடுவோம்."

"எங்களுக்குப் பௌர்ணமி, உங்களுக்குப் பிறை. பாவம், அதுக்கு லீவே கிடையாது" என்றாள் செல்வி. அண்ணி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

இடி இடித்தால் அண்ணி பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். "சுப்ஹானல்லதீ யுஸப்பிஹுர் ரஅது பிஹம்திஹி, வல்மலாஇகத்து மின் கீஃபத்திஹி." இடி எவனைப் புகழ்ந்து துதிக்கிறதோ, வானவர்களும் எவனை அஞ்சித் துதிக்கிறார்களோ அவன் தூயவன். ஒரு மூச்சு, அவ்வளவுதான். முடித்ததும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்வார். என் பிரியாணியைக் குறை சொல்லும்போது ஒருமுறை இடித்தது. அப்பாடா என்றிருந்தேன். ஓதி முடித்ததும், "உப்பு ஜாஸ்தி" என்றார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அண்ணன் போன பிறகு பஷீர்தான் ஆட்டோவில் கூட்டிப் போனான், முணுமுணுத்துக்கொண்டே.

அன்று ஹஜ்ஜு மாதத் தலைப்பிறை பார்க்கப் போனோம். மேகம் மூடிக்கொண்டது. செல்வி கடைக்கு வெளியே பெஞ்சில் நானும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம். கோடைக் காற்று புழுதியை வாரி அடித்தது.

"சனியன் புடிச்ச காத்து" என்றான் பஷீர், போனிலிருந்து தலை தூக்காமல்.

"காத்தைத் திட்டாதடா. அல்லா ஏவித்தான் அது வருது" என்றார் அண்ணி. பிறகு ஓதினார். இந்தக் காற்றின் நன்மை, இதிலுள்ள நன்மை, இது எதைக் கொண்டு அனுப்பப்பட்டதோ அதன் நன்மை, மூன்றையும் கேட்டார். அந்த மூன்றின் தீங்கிலிருந்தும் காவல் தேடினார். குரல் தளர்ந்திருந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பஷீரு, எனக்கு..." என்றார்.

இடித்தது. அண்ணியின் பேச்சு நின்றது. கண் மூடியது.

எத்தனை தரம் பார்த்த காட்சி. காத்திருந்தோம். மறுபடி மறுபடி இடித்தது. ஒரு மூச்சு துஆ, எத்தனை மூச்சு ஆகும்? பார்த்தேன். உதடு அசையவில்லை.

"பஷீரு, உங்கம்மா ஓதலடா!"

"ஓதறாங்க அத்தே. இடி நிக்கட்டும், சும்மா இரு." தோளை உலுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டுப் போனுக்குத் திரும்பினான்.

"அக்கா முகத்தைப் பாருப்பா, வேர்த்து ஊத்துது. வண்டிய எடு" என்று செல்வி கத்தினாள். அவன் கேட்கவில்லை. அண்ணி என்மேல் சாய்ந்த பிறகுதான் ஆட்டோவைக் கிளப்பினான். ஆஸ்பத்திரியில் இறக்கியபோது உயிர் இல்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பஷீர், "அம்மா துஆ ஓதிக்கிட்டே போய்ட்டாங்க, நல்ல மவுத்து" என்றான். எல்லோரும் சுப்ஹானல்லாஹ் சொன்னார்கள். அண்ணி ஓதிக்கொண்டு போகவில்லை. மகனைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அதை எழுதி வைக்கத்தான் இந்த எழுத்து.

அடக்கம் முடிந்த மாலை ஷேர் ஆட்டோவில் நான் மட்டும் அடி அண்ணாமலை போனேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பிறை நின்றது, மெல்லிசாக. அண்ணி ஓதியதை ஓதினேன். செல்வி பக்கத்தில் நின்றாள். போய் வாருங்கள் அண்ணி. நீங்கள் விட்ட வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும்.

அன்று அண்ணியின் உடலை, மய்யித்தை, வீட்டிலிருந்து தூக்குமுன் பஷீர் எல்லோரிடமும், "எங்கம்மா யாருக்காவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க" என்று கேட்டிருந்தான். உப்பு உட்பட அண்ணிக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

பஷீரை மன்னிக்கமாட்டேன்.