அரைத்தளத்தில் காத்திருந்தவர்

நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே துணிக்கடை. அதற்கும் முதல் மாடிக்கும் நடுவே தாழ்வான அரைத்தளம் ஒன்று உண்டு. கடைக்காரர் அங்கே சரக்கு வைத்துப் பூட்டியிருப்பார். நாங்கள் யாரும் அதை மாடியாக எண்ணுவதில்லை.

பிரான்சிலிருந்து வரும் கட்சிக்காரர்கள் அதிகம் தடுமாறுவதில்லை. அங்கேயும் தரைத்தளத்துக்கு மேலிருந்துதான் ஒன்று, இரண்டு. அமெரிக்காவில் தரைத்தளமே ஒன்று. இது எனக்குத் தெரிய வந்ததே அந்த அண்ணன் தம்பி விஷயத்தில்தான்.

அப்பா விட்டுப்போன வீட்டுக்காகப் பேச்சில்லாமல் இருந்த இருவரையும், வழக்குப் போடாமல் பேசித் தீர்க்கலாமென்று எங்கள் சார் வரச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு அன்றிரவே விமானம். அண்ணன் அரியாங்குப்பத்திலிருந்து மதியமே வந்துவிட்டார். அந்த வீட்டின் முன்பகுதியான முன்கட்டைத் தம்பிக்கே விட்டுவிடுவதாகச் சாரிடம் சொன்னார். தம்பி வரவில்லை. கூப்பிட்டால் போன் போகவில்லை. அவரிடம் இந்த ஊர் சிம் இல்லை.

"அமெரிக்காவுக்கு வழி தெரிஞ்சவனுக்கு ஒங்க மாடிக்கு வழி தெரியலையாம்மா?" என்று என்னிடம் சிரித்தார் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"அவனுக்கு நான் ஆளாத் தெரியல, சார். கேஸே போட்டுடுங்க" என்று எழுந்தார். சார் எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. லிப்ட் பழுது என்பதால் படியிறங்கிப் போனார்.

பொழுது சாயும்போது வேர்த்து விறுவிறுத்துத் தம்பி வந்து நின்றார்.

"செகண்ட் ஃப்ளோர்னுதானே சார் சொன்னீங்க? அங்கதான் ஒக்காந்திருந்தேன். கதவு பூட்டியிருந்துச்சு, சாப்பிடப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன். இப்ப கடைப் பையன்தான் மேல போகச் சொன்னான்."

கீழே ஒன்று, அரைத்தளம் இரண்டு என்று எண்ணி, படியிலிருந்து தெரியாதபடி உள்ளே, பூட்டிய கதவின் முன் நடைபாதையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருக்கிறார்.

சார் உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு மாடி ஏறத் தெரியாதா அவனுக்கு? நல்லாக் கத சொல்றான். விடுங்க சார்."

தம்பி, "அண்ணே" என்றார். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. மறுபடி அடித்தபோது அண்ணன் போனை அணைத்து வைத்திருந்தார்.

தம்பி தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"படியில யாரோ இருமிக்கிட்டே எறங்கினாங்க மேடம். அண்ணன் இருமுற மாதிரியே இருந்துச்சு. எழுந்து போயிப் பாக்கல."

வெளியே அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த கார்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வழக்குப் பதிவானது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணன் மட்டும் வந்து போகிறார். முன்கட்டைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.