மஹ்விஷுக்குப் புரிந்த டா

அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"கூட்டிட்டு வா, சொர்ணம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதுல்லா?"

"ஒரு வார்த்தை தெரியாதுப்பா."

"அப்போ சரி. ஞாயித்துக்கிழம வாங்க. நல்ல பட்டா எடுத்துப் போடச் சொல்லுதேன்."

அப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்று ஸ்வர்ணலதாவுக்குத் தெரியும். அப்பா சுயம்புலிங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. தி.நகரில் ஒரு துணிக்கடையின் பட்டுப் பிரிவில் ஏணியில் ஏறிப் புடவைக் கட்டுகளை இறக்குவதும் மறுபடி ஏற்றுவதும் அவர் வேலை. பெரிய முதலாளி இருந்தவரை "ஏய்யா சுயம்பு" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பின் வந்த மகன் அஸ்வினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவனுக்கு அப்பா வெறும் "டேய்".

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஸ்வர்ணலதா எல்லோரிடமும் "அப்பா டெக்ஸ்டைல்ஸ்ல இருக்காங்க" என்று சொல்லி வந்தாள். பொய்யில்லை. ஆனாலும் சொல்லும்போதெல்லாம் நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். தோழி மஹ்விஷிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். அக்காவின் கல்யாணத்துக்குக் காஞ்சிப்பட்டு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த மஹ்விஷ், "உங்க அப்பா கடை இருக்கும்போது நான் ஏன் வேற எங்கயோ போகணும்?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருவரும் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் இருந்த சப்டைட்டில் அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில வரிகள் எழுதுவது ஸ்வர்ணலதா. எழுதியதைப் படித்துப் பார்ப்பது மஹ்விஷ். அவள் லக்னோக்காரி, அடையாறில் விடுதியில் தங்கியிருந்தாள். தமிழ் தெரியாததே அவளுடைய தகுதி. தமிழ் தெரியாத ஒருத்திக்கு அந்த வரிகளை மட்டும் வைத்துப் படம் புரிகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

வியாழக்கிழமை மதியம் மஹ்விஷ் படத்தை நிறுத்தினாள். அவர்கள் எப்போதும்போல் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"முதல்ல இதச் சொல்லு. இவன் இருபது தடவ மச்சிங்கறான். நீ மூணு தடவதான் 'ப்ரோ' போட்டிருக்க. மீதி எங்க?"

"மச்சிங்கறது காதுல விழுதுல்ல? ரெண்டு தடவ படிச்சா பாக்கறவங்களுக்கே பிடிபட்டுடும். ஒவ்வொண்ணுக்கும் போட்டா, படிக்கறதுக்குள்ள வசனம் ஓடிடும். ஒரு செகண்டுக்குப் பதினேழு எழுத்துதான் கணக்கு."

"சரி, மச்சின்னா யாரு?"

"மச்சான். அக்கா புருஷன், இல்ல பொண்டாட்டியோட அண்ணன் தம்பி. ஃப்ரெண்டச் சொந்தக்காரன் ஆக்கிக்கறதுதான். இப்பல்லாம் பொண்ணுங்களும் சொல்லிக்கறோம்."

"அப்ப நேத்து டீக்கடைல என்ன மச்சின்னு கூப்ட்டியே. நான் எந்த அக்காவக் கட்டிக்கிட்டேன்?"

"எனக்கு அக்கா இருந்திருந்தா உனக்குக் குடுத்திருக்க மாட்டேன், கவலப்படாத."

மஹ்விஷ் சிரித்துக்கொண்டே படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். ஓர் அலுவலகம். முதலாளியின் மகன் கிழட்டுக் கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "டேய், இங்க வாடா" என்கிறான். கிழவரின் முகம் செத்துப்போகிறது. கீழே ஸ்வர்ணலதா எழுதிய வரி: 'ஹே, கம் ஹியர்.'

"கூப்பிடத்தானே கூப்பிட்டான்? இவர் ஏன் இப்படி ஆயிட்டார்?"

ஸ்வர்ணலதாவுக்குச் சுருக்கென்றது. 'டா'வை விட்டுவிடுவது அவளுக்குக் கைப்பழக்கம். இங்கேயும் விட்டிருந்தாள்.

"அது அந்த 'டா'வால. அம்மா பையனச் சொன்னா செல்லம். ஃப்ரெண்ட்ஸ் சொன்னா சும்மா. லவ் பண்றவன அவ 'போடா'ன்னா அது கொஞ்சல். நான் உன்னையே 'சாப்டியாடா'ன்னு கேப்பேன். ஆனா வயசுல சின்னவன் ஒருத்தன், சம்பளம் குடுக்கறோம்ங்கற திமிர்ல, பெரியவரப் பாத்துச் சொன்னா..." ஸ்வர்ணலதா திரையில் நின்றிருந்த கிழவரின் முகத்தைப் பார்த்தாள். "அது செருப்பால அடிச்ச மாதிரி. திருப்பி அடிக்க முடியாதுங்கறது ரெண்டு பேருக்குமே தெரியும்."

மஹ்விஷ் மெல்லத் தலையாட்டினாள். "எங்க ஊர்ல 'யூ'வுக்கே 'ஆப்', 'தும்', 'தூ'ன்னு மூணு உண்டு. எங்க வீட்டுல சின்னப் பிள்ளையக்கூட 'ஆப்'னுதான் சொல்வோம். கிழவர 'தூ'ன்னு சொன்னா எங்கம்மா சாப்பிட மாட்டாங்க. அப்ப உங்க ஊர்ல மரியாதைக்கு என்ன?"

"'ங்க' சேக்கணும். வாங்க, சொல்லுங்க."

அந்த வரியை 'கம் ஹியர், பாய்' என்று இருவரும் சேர்ந்து மாற்றினார்கள். அதே பதினைந்து எழுத்து. ஒருத்திக்கு ஒன்றைச் சரியாகப் புரியவைத்துவிட்ட சந்தோஷத்தில் ஸ்வர்ணலதா அன்று மந்தைவெளி வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். இறங்கி வீட்டை நோக்கி நடக்கும்போதுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது.

சனிக்கிழமை மஹ்விஷிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். "வேற கடைல டிசைன் நல்லா இருக்கும்."

"எனக்கு டிசைன் வேணாம், உங்க அப்பாவப் பாக்கணும்."

ஸ்வர்ணலதா போனை வைத்தாள். எதை மறைக்கிறாள்? அப்பாவையா, அப்பாவுக்கு நடப்பதையா? படித்துப் பட்டம் வாங்கியது இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பதற்குத்தானா?

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரிந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் சேர்த்து, "வெல்கம், வெல்கம், சிட்" என்றார். விற்பனைப் பெண் நஸ்ருன்னிசா, "அண்ணன் காலைல இருந்து வாசலையே பாத்துக்கினு கீறாரு" என்றாள். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். மஹ்விஷ் கைகூப்பினாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். கால் மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

அடுத்த கவுண்டரிலிருந்து அஸ்வினின் குரல் கேட்டது.

"டேய் சுயம்பு, அங்க என்னடா பல்ல இளிச்சிட்டு நிக்கிற? மேல இருந்து அந்தக் கட்ட எறக்குடா."

அப்பா உடனே மகளைப் பார்க்கவில்லை. மஹ்விஷைத்தான் பார்த்தார். அவள் புடவையின் ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. கேட்டாலும் புரியாது. ஏணியை எடுத்துச் சாய்த்து ஏறினார்.

ஜரிகையின் மேல் இருந்த விரல் அசையாமல் நின்றுவிட்டதை ஸ்வர்ணலதா பார்த்தாள். 'சும்மா இரு, ஒண்ணும் சொல்லிடாத' என்று கண்ணால் கெஞ்சினாள். மஹ்விஷ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய் ஏணியின் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து, அஸ்வினுக்கும் கேட்கும்படி, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் கூட்டிச் சொன்னாள்.

"அப்பா, மெதுவா வாங்க. வாங்க, அப்பா. வாங்க."

ஒவ்வொரு 'ங்க'வையும் அழுத்திச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான். எல்லாவற்றையும் அவர் காலடியில் வைத்தாள்.

அப்பா கட்டோடு பாதி ஏணியில் நின்றுவிட்டார். முகத்தில் இருந்த வரவேற்புச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிப்போனது. இறங்கி, கட்டை அஸ்வினின் கவுண்டரில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே நின்றுகொண்டார். அதன்பின் அவர்கள் இருந்த இடத்துக்கு வரவில்லை. புடவையை நஸ்ருன்னிசாதான் மடித்துக் கொடுத்தாள்.

பாண்டி பஜார் நடைபாதையில் மஹ்விஷ் கேட்டாள். "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் சொன்ன."

"அப்புறம் ஏன் அவர் வரல?"

புரியாதவள் ஒருத்தி முன்னால் அரைநாள் மனிதனாக நிற்கலாம் என்று அவர் நம்பி வந்திருந்தார் என்பதை எந்த மொழியில் சொல்வது?

மறுநாள் காலை அப்பா காபியைக் குடித்து முடித்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரிஞ்சிருக்கே?"

"கொஞ்சம்... இப்பதான்பா."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளின் கண்ணையும் கலங்கவிடாமல், தன் கண்ணையும் காட்டாமல், செருப்பைத் தேடினார்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க. நல்ல பிள்ள. ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா, சாப்பிடட்டும். கடைக்கு இனி வேண்டாம். நீயும் வராத."

படி இறங்கிப் போனார். வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே கிளம்பியிருந்தார்.