எக்ஸால் வகுக்க மறந்தது

சரியாக எழுதிய ஒரு பெண்ணைத் தப்பு என்று சொல்லி அனுப்பினேன். அப்போதே எனக்கு உண்மை தெரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். ஓய்வுக்குக் கொஞ்ச மாதங்களே இருந்தன. செமஸ்டர் விடைத்தாள் திருத்தத்துக்கு விடைக்குறிப்பு தயாரித்தது நான். கணக்கு இது: x dy/dx + 2y = x². முதலில் முழுச் சமன்பாட்டையும் x-ஆல் வகுத்து, dy/dx-ஐத் தனியாக நிறுத்த வேண்டும். அப்போது y-யின் கெழு 2/x ஆகும். அதைத் தொகையிட்டு e-யின் அடுக்கில் வைத்தால், தொகையீட்டுக் காரணி x². வருடம் தவறாமல் வகுப்பில் நான் கத்தியது இதைத்தான். அவசரத்தில் நானே வகுக்காமல், 2-ஐ அப்படியே எடுத்து e²ˣ என்று எழுதிவிட்டேன். அதற்கப்புறம் பகுதித் தொகையிடல் ஒரு பக்கம் நீண்டதால், பத்து மதிப்பெண் கணக்கு போலவே தோன்றியது.

திருத்தும் அறையில் ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். "சார், கொஞ்ச பேரு எக்ஸ் ஸ்கொயர்னு போட்டுருக்காங்க."

"ஒருத்தன் போட்டத எல்லாரும் பாத்து எழுதிருப்பானுங்க. குறிப்புப்படி போடுங்க."

முடிவு வந்த பின் அடுத்த வகுப்பில் அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். கை பழக்கத்தில் x-ஆல் வகுத்தது. சாக்பீஸ் நின்றது. x²y-ஐ வகையிட்டுப் பார்த்தேன்: x² dy/dx + 2xy. கணக்கின் இடப்பக்கத்தை x-ஆல் பெருக்கினால் அதுவேதான். என் e²ˣ-க்கு அது பொருந்தவில்லை. விசாரணை, பென்ஷன் நிறுத்தம், ஊர் சிரிப்பு எல்லாம் கண்ணுக்குள் ஓடின.

அன்று மதியமே அவள் வந்தாள். கல்வராயன் மலைப் பெண். இந்த ஒரு தாளில்தான் தோல்வி; தேறினால்தான் பி.எட். சேர முடியும்.

"அந்தப் பத்து மார்க் கணக்குல நீங்க சொன்ன மாதிரிதான் வகுத்தேன் சார். இன்னா தப்பு?"

"நடுவுல ஸ்டெப் விட்டிருப்ப. அடுத்த தடவ எழுது போ."

தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து துறையில் போன் அடித்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். தூக்கத்தில் அந்தக் குரல் "இன்னா தப்பு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

தாங்க முடியாமல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போய்ச் சொன்னேன். அவர், "ரிடயர் ஆகுற நேரத்துல இது தேவையா சார்?" என்றார். ஆனாலும் அந்தக் கணக்கை எல்லாத் தாள்களிலும் மறுபடி திருத்தினார்கள். அவள் தேறினாள். எனக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். அதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்திருந்தது.

மலைக்குப் பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்றிருந்தது. அவள் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையது என்றேன்.

"நான் வந்து கேட்டப்பவே தெரியுமா சார்?"

"தெரியும்."

அவள் கையை உதறிக்கொண்டாள். "கடைசி பஸ் கெளம்பிடும் சார்," என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறு வருடம் பி.எட். சேர்ந்தாள் என்று அந்த இளம் ஆசிரியர்தான் சொன்னார். என்னிடம் அவள் சொல்லவில்லை.